தையல் பட்டறைக்கும் மாவு மில்லுக்கும் எந்தக் காஸ்டிங்?

ஊசிமுனை
தையல் பட்டறை நடத்துகிறேன். கோட்டும் சட்டையும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதுதான் பெரும்பாலான வேலை, நடுவில் எப்போதாவது சீருடை ஆர்டர் வரும். மாதக் கடைசியில் மொத்தச் செலவைத் தைத்த உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதுதான் ஒரு உருப்படியின் அடக்கவிலை என்று வைத்திருக்கிறேன். என் மைத்துனருக்கு மாவு மில். அவரும் இதே மாதிரி வகுத்துத்தான் கணக்குப் பார்க்கிறார், அது சரிதான் என்றும் சொல்கிறார். அவருக்குச் சரியாக வருவது எனக்கு ஏன் வரவில்லை? சட்டையில் நட்டம் காட்டுகிறது, கோட்டில் லாபம் கொட்டுகிறது. நம்பவே முடியவில்லை.

இறுதியாண்டு
இது நேரடிக் கேள்விதானே அக்கா. தையல் என்றால் ஆர்டர்வாரியாகச் செலவைச் சேர்க்கும் ஜாப் காஸ்டிங், மில் என்றால் மொத்தச் செலவை வெளிவந்த அளவால் வகுக்கும் பிராசஸ் காஸ்டிங். ஆர்டர் வாங்கிச் செய்தால் முதலாவது, நிற்காமல் ஓடினால் இரண்டாவது. பரீட்சையில் இப்படித்தான் எழுதுவோம்.

பேரேடு
தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் தொழிலின் பெயரை வைத்து முறையைத் தீர்மானித்தால் சீருடை ஆர்டர் வரும் அன்று மாட்டிக்கொள்வீர்கள். நான் கேட்பது வேறு: அடுத்தடுத்து வெளியே வரும் இரண்டு உருப்படிகளுக்கு ஆகும் செலவு வேறுபடுகிறதா? வேறுபட்டால் அந்த வேறுபாட்டைப் பதிந்து வைக்கச் சிரமப்படுவதில் பயன் உண்டு. வேறுபடாவிட்டால் சராசரியே போதும். இந்த மூட்டை மாவுக்கும் அடுத்த மூட்டை மாவுக்கும் என்ன வித்தியாசம்? கோட்டுக்கும் சட்டைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியா?

ஊசிமுனை, உங்கள் எண்களைக் கொஞ்சம் போடுங்கள். எந்த நாட்டுக் காசு என்பதெல்லாம் வேண்டாம், வெறும் எண் போதும்.

ஊசிமுனை
போன மாதம் 20 கோட், 160 சட்டை. துணி வாடிக்கையாளருடையது, அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. கோட்டுக்கு லைனிங், கேன்வாஸ், தோள் பேட், பொத்தான் எல்லாம் சேர்த்து 600. சட்டைக்குக் காலர் கேன்வாஸும் பொத்தானும் 40. கோட்டுக்கு 14 மணி நேரம் பிடிக்கும், சட்டைக்கு 2 மணி. தையல் கூலி மணிக்கு 80. வாடகை, மின்சாரம், மெஷின் பராமரிப்பு, உதவியாள், நூல், அயர்ன் எல்லாம் மாதத்துக்கு 60,000.

பேரேடு
நேரம் கோட்டுக்கு 280, சட்டைக்கு 320, மொத்தம் 600 மணி. பொதுச் செலவு 60,000, ஆக ஒரு தையல் மணிக்கு 100.

இனி ஒரு கோட்டை எடுங்கள். பொருள் 600, கூலி 14 × 80 = 1,120, பொதுச் செலவில் அதன் பங்கு 14 × 100 = 1,400. அடக்கம் 3,120. சட்டைக்கு 40, 160, 200, ஆக 400.

மாத மொத்தம் 1,26,400. நீங்கள் செய்வதுபோல் 180 உருப்படியால் வகுத்தால் தலைக்கு 702 வரும். 400 ஆகும் சட்டையை 702 என்று பார்க்கிறீர்கள், அதனால் நட்டம். 3,120 ஆகும் கோட்டையும் அதே 702 என்று பார்க்கிறீர்கள், அதனால் லாபம் கொட்டுகிறது. மொத்தக் கணக்கு எப்படியும் சரியாகத்தான் வரும். மாத லாபம் ஒரு காசு மாறாது. அதனால்தான் இது பல வருடம் யார் கண்ணிலும் படாமல் ஓடும். விலை சொல்லும்போதுதான் கடிக்கும்: சட்டைக்கு அதிகம் கேட்டு ஆளை விரட்டுவீர்கள், கோட்டை மலிவாகக் கொடுத்து ஆர்டரைக் குவிப்பீர்கள்.

ஊசிமுனை
போன மாதத்துக்கு முந்தின மாதம் 12 கோட்டுதான். இப்போது 20. கூட்டம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறது.

வரவுசெலவு
பேரேடு ஐயா இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம். பொதுச் செலவைக் கூலியின் மேல் சதவீதமாகப் போட்டால் முடிந்தது. கூலி மொத்தம் 48,000, பொதுச் செலவு 60,000, ஆக 125 சதவீதம். கோட்டுக்கு 1,120-இல் 125 சதவீதம் அதே 1,400. மணிக்கணக்கே தேவையில்லை.

பேரேடு
எல்லாருக்கும் ஒரே கூலி என்பதால்தான் இரண்டும் ஒன்றாக வருகிறது. கோட் தைப்பவர் தேர்ந்த கை, மணிக்கு 120 வாங்குகிறார் என்று வையுங்கள். வாடகையும் மின்சாரமும் அவர் சம்பளத்தைப் பார்த்தா ஏறுகின்றன? அவர் மெஷின் முன்னால் உட்காரும் நேரத்தைத்தானே பார்க்கின்றன. சதவீத முறையில் கோட்டின் மேல் தேவையில்லாத சுமை ஏறும், சட்டை மலிவாகத் தெரியும். பட்டறையில் பொதுச் செலவு பெரும்பாலும் நேரத்தோடு போவது. நேரத்தையே அடிப்படையாக வையுங்கள்.

வரவுசெலவு
ஆனால் பல பட்டறைகளில் பீஸ் ரேட்தான். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, மணியை யாரும் எழுதுவதில்லை. இல்லாத எண்ணை வைத்து எப்படி வகுப்பது?

பேரேடு
நல்ல கேள்வி. பீஸ் ரேட்டில் ஒரு வேலைக்கான கூலி தானாகவே தெரிந்துவிடும், நேரம்தான் தெரியாது. எல்லா ஆர்டருக்கும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வெட்டு, காலர், கை, காஜா, பொத்தான், அயர்ன் என்று பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சில உருப்படிகளை அளந்து நிலையான நிமிடம் ஒன்றை எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஆர்டரின் செலவையும் எழுதும் ஜாப் கார்டில் அந்த நிமிடம்தான் ஏறும்.

இதில் ஒரு விஷயம் கவனம். 600 மணி வேலை வரும் என்று எண்ணித்தான் மணிக்கு 100 வைத்தோம். ஒரு மாதம் 450 மணி வேலைதான் வந்தால் ஆர்டர்கள் மேல் ஏறுவது 45,000. மிச்சம் 15,000 வெளியே நிற்கும். அதையும் இருக்கிற ஆர்டர்கள் மேல் திணித்து மணிக்கு 133 ஆக்காதீர்கள். வேலை குறைந்த மாதத்தில் விலை கூட்டினால் அடுத்த மாதம் இன்னும் குறையும். அந்த 15,000 மெஷின் சும்மா இருந்ததன் செலவு. தனியாக எழுதி அந்த மாத லாபத்தில் கழியுங்கள்.

ஊசிமுனை
திருத்தத்துக்குத் திரும்பி வரும் உருப்படிகளை எங்கே எழுதுவது? கை நீளம், தோள் இறக்கம் என்று வாரத்துக்கு நாலைந்து வரும்.

பேரேடு
எதனால் வந்தது என்று பாருங்கள். வாடிக்கையாளர் கேட்ட விசேஷ வெட்டால் வந்த திருத்தம் என்றால் அதே ஜாப் கார்டில் ஏற்றுங்கள், அந்த ஆர்டரின் உண்மைச் செலவு அது. எல்லா ஆர்டரிலும் சகஜமாக வரும் சின்னச் சின்னத் திருத்தம் என்றால் பொதுச் செலவில் போடுங்கள். வெட்டும் மாஸ்டர் அளவைத் தப்பாகக் குறித்து ஒரு துணியே வீணாகிவிட்டது என்றால் அது எந்த ஆர்டருக்கும் போகக் கூடாது, நேராக நட்டத்தில்.

இறுதியாண்டு
சீருடை ஆர்டர்? 400 சட்டை ஒரே மாதிரி. அது பிராசஸ்தானே?

பேரேடு
அங்கே அந்த 400-ம் சேர்ந்துதான் ஒரு ஜாப். துணியை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டுவீர்கள், பேட்டர்ன் ஒருமுறைதான் போடுவீர்கள். மொத்தச் செலவை ஒரே கார்டில் சேர்த்து, உள்ளுக்குள் 400-ஆல் வகுத்துக்கொள்ளலாம். துணியும் உங்களுடையது என்றால் அளவுவாரியாகத் துணியை மட்டும் பிரியுங்கள், சின்ன அளவுக்கும் பெரிய அளவுக்கும் மீட்டர் வேறு. ஒரே சட்டையை வருடம் முழுக்கக் கடைக்கு இருப்பு வைக்கத் தைக்கிற கூடம் என்றால், வெட்டுப் பிரிவு, தையல் பிரிவு, ஃபினிஷிங் என்று பிரிவுவாரியாகச் செலவைச் சேர்க்கலாம். அப்போது அது பிராசஸ் பக்கம் சாய்ந்துவிடும், தையலாகவே இருந்தாலும்.

கல்லும்_பெல்ட்டும்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் மில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் தானியம் நான் வாங்குவதில்லை, கொண்டுவருகிறவர்களுக்கு அரைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொருவரும் தனித்தனியாக வருகிறார்கள், தானியமும் வேறு வேறு. அப்படியென்றால் எனக்கு ஜாப் காஸ்டிங்தானே? ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போட வேண்டுமா?

பேரேடு
வேண்டாம் ஐயா, 5 கிலோவுக்குக் கார்டு எழுதினால் எழுதுகிற கூலி அரைக்கிற கூலியைத் தாண்டும். நீங்கள் விற்பது மாவு இல்லை, அரைவை. மின்சாரம், ஆள், கல் கொத்துவது, பெல்ட் எல்லாவற்றையும் அரைத்த கிலோவால் வகுத்தால் போதும். கடினமான தானியம் மெஷினை அதிக நேரம் பிடிக்கும் என்றால் அதற்கு மட்டும் தனிக் கட்டணம். சராசரி உங்களுக்கு ஒத்துவரும், ஆனால் தானியத்தில் எடை குறையும் நட்டக் கணக்கு உங்களுடையது அல்ல. கல்லுக்குள் தங்கும் மாவு யாருடையது என்ற சண்டை வேண்டுமானால் உங்களுடையது.

கல்லும்_பெல்ட்டும்
அந்தச் சண்டை தினமும் உண்டு.

சல்லடை
நான்தான் அந்த மைத்துனர். என் பெயரை இழுத்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா. என் கணக்கில் குறை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஓட்டத்தில் கோதுமை 10,000 கிலோ, கிலோ 30. சுத்தம் செய்யும்போது கல், தூசி, உடைசல் என்று 200 கிலோ போகும், அது 2,000-க்கு விற்றுவிடும். சுத்தம், நனைப்பு, அரைவை எல்லாச் செலவும் 39,280. வெளியே வந்தது 50 கிலோ மூட்டையில் 197, அதாவது 9,850 கிலோ. கோதுமையும் இந்தச் செலவும் சேர்த்து, விற்ற 2,000-ஐக் கழித்தால் 3,37,280. அதை 9,850-ஆல் வகுத்தேன், 34.24. சுத்தம் செய்த பிறகு இருந்ததே 9,800 கிலோதான். 50 கிலோ கூடவே வந்திருக்கிறது. நட்டமே இல்லாத மில் என்னுடையது.

பேரேடு
அந்த 50 கிலோ தண்ணீர். கோதுமையின் ஈரப்பதம் எவ்வளவு, வெளியே வந்ததன் ஈரப்பதம் எவ்வளவு?

சல்லடை
கோதுமை 12 சதவீதம். நனைத்து 16-க்குக் கொண்டுபோய் ஊறவிடுவோம். அரைந்து வெளியே வரும்போது மாவு, தவிடு இரண்டும் சுமாராக 13.5.

பேரேடு
நனைப்பது தவிட்டுத் தோல் உடைந்து மாவில் கலக்காமல் இருக்க. அதில் தப்பில்லை, எல்லா ரோலர் மில்லும் செய்வதுதான். ஆனால் ஈரத்தோடு நிறுத்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. உலர் எடையில் பாருங்கள்.

சுத்தமான 9,800 கிலோவில் 12 சதவீதம் தண்ணீர் போக உலர் எடை 8,624. உங்கள் மில்லில் அரைவையில் தூசியாகப் போவது எவ்வளவு என்று வழக்கமாக வைத்திருக்கிறீர்கள்?

சல்லடை
அரை சதவீதம்.

பேரேடு
அப்படியானால் 8,581 உலர் கிலோ வர வேண்டும். 13.5 ஈரத்தில் அது 9,920 கிலோ. உங்களுக்கு வந்தது 9,850. கூட வந்த 50 கிலோவைக் கொண்டாடுகிறீர்கள், வர வேண்டிய 70 கிலோவைக் காணோம்.

இங்கேதான் பிராசஸ் காஸ்டிங் வெறும் வகுத்தல் இல்லை. செலவு 3,37,280-ஐ வந்த எடையால் வகுக்காதீர்கள், வர வேண்டிய 9,920-ஆல் வகுங்கள். கிலோ 34 சரியாக வருகிறது. நல்ல சரக்கு 9,850-க்கு 3,34,900. காணாமல்போன 70-க்கு 2,380. அந்த 2,380 தனி நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். நீங்கள் அதை 34.24 என்று மாவின் மேலேயே பூசிவிட்டீர்கள். பூசினால் அடுத்த மாதம் 100 கிலோ காணாமல் போனாலும் மாவு விலை கொஞ்சம் ஏறியதாகத்தான் தெரியும், யாரும் தேட மாட்டார்கள்.

இறுதியாண்டு
மாதக் கடைசியில் நனைப்புத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் கோதுமையை என்ன செய்வது? அது மாவும் இல்லை, வெறும் கோதுமையும் இல்லை.

பேரேடு
கோதுமைச் செலவு முழுக்க அதன் மேல் ஏறிவிட்டது, அரைவைச் செலவு ஏறவில்லை. சுத்தமும் நனைப்பும் மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், தொட்டியில் இருக்கும் 1,000 கிலோவை வேலைச் செலவுக்கு 200 கிலோவாகவும் பொருளுக்கு 1,000 கிலோவாகவும் எண்ணுங்கள். தண்ணீர் எடையைச் சேர்த்துவிடாதீர்கள். ஓட்டம் முடிந்து தொட்டி காலியான நாளில் கணக்கை மூட முடிந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

வரவுசெலவு
எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. கிலோ 34 என்கிறீர்கள். தவிடும் 34-ஆ?

சல்லடை
தவிடு 20-க்குத்தான் போகும். 197 மூட்டையில் மாவு 148, தவிடு 49.

வரவுசெலவு
பாருங்கள். எடைச் சராசரியில் தவிடு கிலோவுக்கு 14 நட்டம். அப்படியென்றால் தவிட்டை விற்பதை நிறுத்திவிடலாமா?

பேரேடு
நிறுத்தினால் மாவும் நிற்கும். ஒரே ரோலரில் இரண்டும் பிறக்கின்றன, தவிட்டுக்கென்று யாரும் கோதுமை வாங்கவில்லை. தவிடு 2,450 கிலோ, விற்றால் 49,000. அதை 3,34,900-இல் கழித்துவிட்டு மீதியை மாவின் மேல் போடுங்கள். 2,85,900-ஐ 7,400-ஆல் வகுத்தால் மாவு கிலோ 38.64.

சல்லடை, மொத்த வியாபாரிக்கு என்ன விலைக்குப் போடுகிறீர்கள்?

சல்லடை
கிலோ 37. பெரிய ஆர்டர் என்று 34.24-க்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன்.

ஊசிமுனை
மாமா, என் கோட் மாதிரியே இருக்கிறது.

வரவுசெலவு
ஆனால் தவிட்டு விலையைக் கழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்குத் தவிடு 15-க்கு இறங்கினால் மாவின் அடக்கம் 40.29 ஆகிவிடும். மில்லில் எதுவும் மாறவில்லை, அதே கோதுமை, அதே ஆள். சந்தை விலை ஆடினால் அடக்கவிலை ஆடுமா? அது அடக்கவிலையா?

பேரேடு
குறை உண்மைதான். ஆனால் எடையால் வகுத்தால் தவிட்டை 34-க்கு இருப்பில் வைப்பீர்கள், 20-க்குத்தான் போகும். அதைவிட இது மேல். ரவையும் பிரிக்கிறார் என்றால் இன்னும் சிக்கல், ரவையும் மாவும் இரண்டுமே முக்கியச் சரக்கு. அப்போது இரண்டுக்கும் சேர்ந்து ஆன ஓட்டச் செலவை விற்பனை மதிப்பின் விகிதத்தில் பிரிப்பேன். அப்படிப் பிரித்த எண் இருப்பு மதிப்புக்கு உதவும், ரவைக்கு விலை வைக்க உதவாது. விலையிலிருந்து வந்த எண்ணை வைத்து மறுபடி விலை போட முடியாதே.

வரவுசெலவு
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஓட்டத்தின் மொத்தச் செலவு, மொத்த வரவு, இரண்டையும் பார்த்தால் போதும். கிலோவுக்குப் பிரிப்பதே வீண் வேலை.

பேரேடு
ஓட்டத்தை ஓட்டலாமா வேண்டாமா என்பதற்கு அது போதும். 37-க்குக் கொடுக்கலாமா என்று வியாபாரி போனில் கேட்டால் என்ன சொல்வார்?

சல்லடை
உங்கள் சண்டையை விடுங்கள். 70 கிலோ எங்கே?

பேரேடு
மூட்டையை எண்ணினீர்களா, நிறுத்தீர்களா?

சல்லடை
எண்ணினோம். 197 × 50.

பேரேடு
10 மூட்டையை எடுத்து, பையின் எடை போக நிறுத்துப் பாருங்கள். நிரப்பும் மெஷின் கொஞ்சம் தாராளமாக இருந்தால் அதுவே பெரும்பகுதி. அப்புறம் தூசி வடிகட்டிப் பைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

சல்லடை
நிறுத்துவிட்டோம். சராசரி 50.2. பைக்கு 200 கிராம் இலவசம். 197 பையில் 39 கிலோ ஆகிறது. வடிகட்டிப் பைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னும் 31 கிலோ பாக்கி.

இறுதியாண்டு
ஈரப்பதம் அளக்கும் மீட்டர் தப்பாகக் காட்டினால்? 13.5 இல்லாமல் 13.2 என்றால் வர வேண்டியதே 9,886 ஆகிவிடுகிறது. 34 கிலோ குறைகிறது. போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்டச் சரியாக வருகிறது!

பேரேடு
நன்றாகப் பிடித்தீர்கள் தம்பி. ஆனால் கோதுமையையும் அதே மீட்டரில் அளந்திருந்தால் அதுவும் 12 இல்லை, 11.7. உலர் எடை அந்த அளவுக்குக் கூடிவிடும், மறுபடி 9,920-க்கே வந்து நிற்பீர்கள். இரண்டையும் வேறு வேறு மீட்டரில் அளந்தால்தான் உங்கள் விளக்கம் நிற்கும்.

சல்லடை
கோதுமை இறக்கும் இடத்தில் ஒரு மீட்டர், பேக்கிங்கில் இன்னொன்று. நாளைக்கு ஒரே மாதிரியை இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நிரப்பும் மெஷினை இப்போதே சரிசெய்யச் சொல்லிவிட்டேன்.

ஊசிமுனை
என் பங்குக்கு: ஜாப் கார்டு அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். ஓவர்லாக் மெஷினுக்குத் தனியாக மணிக் கட்டணம் வைக்க வேண்டுமா? சட்டைக்கு அது ஓடும், கோட்டுக்கு அநேகமாக ஓடாது.

பேரேடு
அந்த ஒரு மெஷினின் மாதச் செலவு எவ்வளவு என்று சொல்லுங்கள். 60,000-இல் 2,000 என்றால் விட்டுவிடலாம். 15,000 என்றால் பிரிக்கத்தான் வேண்டும்.